வாடகைக்கு ஏது வருகைப் பதிவேடு?

எங்கள் மாடியில் மூன்று பிள்ளைகள் சேர்ந்து குடியிருக்கிறார்கள். சென்ற மாதம் ஒருவர் 30 நாள் தங்கினார், ஒருவர் 20, ஒருவர் 10. பத்து நாள்காரர் எல்லாச் செலவையும் நாள் கணக்கில் பிரிக்கச் சொல்கிறார். நான் ஒப்பமாட்டேன். அவர் ஊருக்குப் போனாலும் கட்டில் அங்கேதானே கிடக்கிறது? வாடகை 12,000 என்றால் தலைக்கு 4,000. இன்டர்நெட்டும் அப்படியே.

மளிகைதான் நாள் கணக்கு. 4,200 ரூபாயை 60 ஆள்நாளால் வகுத்தால் நாளுக்கு 70. ஆக 2,100, 1,400, 700. (பிரெஞ்சுப் பள்ளியில் ‘ப்ரொராத்தா’ என்று வாத்தியார் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த கணக்கு.)

கரண்ட் பில்லில்தான் சண்டை. ஆளில்லாவிட்டாலும் நிலைக்கட்டணம் உண்டு, ஃபிரிட்ஜும் ஓடும். அந்தப் பங்கைச் சமமாக வைத்து, மிச்சத்தை மட்டும் நாளால் பிரிக்கட்டும். ஏசியா? போட்டுக்கொண்டவர் தலையில்.