இன்ஹேலரை நிறுத்தாதீங்க, வாயைக் கொப்பளிங்க

1/ "இன்ஹேலர் அடிச்சா தொண்டை வெந்துடும்"னு ஒரு பேச்சு சுத்துது. வேகுறதெல்லாம் இல்லைங்க. வாயில வெள்ளையா படியறது கேண்டிடாங்கிற பூஞ்சை. கொப்பளிக்கச் சொல்லாம இன்ஹேலரை மட்டும் கையில கொடுத்து அனுப்புறாங்க பாருங்க, கோபப்பட வேண்டியது அதுக்குத்தான்.

2/ ஐம்பது வயசு அம்மா, ஆஸ்துமா. காலை, இரவு பியூடசொனைடு இன்ஹேலர். மூணாவது வாரம் நாக்குல தயிர்த் திட்டு மாதிரி வெள்ளை, தொண்டை எரிச்சல். பக்கத்து வீட்டுல "முதல்ல அதை நிறுத்து"ன்னாங்க. நிறுத்திட்டாங்க. பத்து நாள்ல நடுராத்திரி வீசிங் முத்தி, எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு வந்தாங்க.

3/ மூச்சு சீரானதும் வாயைப் பார்த்தேன். பஞ்சுத்துணியால துடைச்சா திட்டு உரிஞ்சு வந்தது, அடியில செக்கச் செவேல்னு இருந்தது. "மருந்து அடிச்சதும் வாய் கொப்பளிச்சீங்களாம்மா?" "யாருமே சொல்லலையே டாக்டர்!"

4/ நடந்தது இதுதான். அழுத்தி அடிக்கிற இன்ஹேலர்ல வர்ற மருந்துல பெரும்பகுதி நுரையீரலுக்குப் போறதில்ல, வாயிலயும் தொண்டையிலயும் படியுது. ஸ்டீராய்டு அந்த இடத்தோட எதிர்ப்பு சக்தியைக் குறைக்குது. நம்ம வாயில ஏற்கெனவே சும்மா கிடந்த பூஞ்சை பெருகிடுது. சர்க்கரை நோய் இருந்தாலோ பல்செட் போட்டிருந்தாலோ வாய்ப்பு இன்னும் அதிகம்.

5/ அவங்களுக்குப் பூஞ்சைக்கு வாயில தடவுற க்ளோட்ரிமசோல் கொடுத்தேன். இன்ஹேலரை அன்னைக்கே திரும்ப ஆரம்பிச்சோம், கூடவே ஸ்பேசர். அந்தக் குழாய்ல பெரிய துளிகள் தங்கிடும், வாயில படியறது குறையும். ரெண்டு வாரத்துல நாக்கு சுத்தம்.

6/ கொப்பளிக்கிறது எப்படி? மருந்து அடிச்ச உடனே ஒரு வாய்த் தண்ணி, கன்னம் ரெண்டும் நல்லா அலசித் துப்புங்க. அடுத்த வாய், தலையை அண்ணாந்து தொண்டை வரைக்கும் கொப்பளிச்சுத் துப்புங்க. விழுங்காதீங்க. மறந்து போகுதா? இன்ஹேலரை பிரஷ் பக்கத்துல வைங்க. அடிச்சிட்டுப் பல் தேய்ங்க.

7/ இதுக்கும் ஒரு எல்லை உண்டு. தண்ணி குரல்வளை வரைக்கும் போகாது, அதனால குரல் கரகரப்பு இதுல முழுசா தீராது. விழுங்கும்போது நெஞ்சுக்குள்ள வலிச்சா உடனே வாங்க, உணவுக்குழாய்லயும் பூஞ்சை இருக்கலாம். துடைச்சும் போகாத வெள்ளைத் திட்டு, அதுவும் புகையிலை பழக்கம் இருக்கறவங்களுக்கு, வேற விஷயம். கட்டாயம் காட்டணும்.

8/ இன்ஹேலர் எழுதறவங்களே, விக்கிறவங்களே: "அடிச்சதும் கொப்பளிச்சுத் துப்புங்க"ன்னு சொல்ல பத்து செகண்ட் ஆகுமா? அதைச் சொல்லாததாலதான் அந்த அம்மா ராத்திரி மூச்சுக்குத் தவிச்சாங்க. இனி அவங்க சொல்லலைன்னா நீங்களே கேளுங்க: "இதுல ஸ்டீராய்டு இருக்கா?" இருக்குன்னா, கொப்பளிச்சு முடிச்சாதான் அந்த டோஸ் முடிஞ்சதா கணக்கு.