எண்ணி எழுதினால் மட்டும் பாட்டாகி விடுமா?

தாராவி, மாட்டுங்கா பக்கம் தமிழ்ச் சங்க விழா என்றால் ஒரு அயிட்டம் நிச்சயம் உண்டு. பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்தி மெட்டில் யாராவது தமிழ் வரி எழுதிக் கொடுப்பார்கள். டிவி விளம்பரங்களும் இதே கதைதான். மும்பையில் இந்தியில் மெட்டுப் போட்டு, பிறகு தமிழ் வரியை அதில் உட்கார வைக்கிறார்கள். இரண்டிலும் சமயத்தில் சொல் ஒன்று, காதில் விழுவது வேறு. அசையை எண்ணினால் போதும் என்று நினைப்பதுதான் இதற்குக் காரணம் என்பது என் கட்சி.

நானே ஒரு டீ விளம்பர வரி சொல்கிறேன், பாருங்கள். "சுபஹ் கீ சாய், கர் கீ யாத்". புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் 4, பிறகு 3. நேர் மொழிபெயர்ப்பு "காலைத் தேநீர், வீட்டு ஞாபகம்". இதில் 4, பிறகு 5. பின்பாதியில் இரண்டு அதிகம், அது உடனே தெரிந்துவிடும். முன்பாதி எண்ணிக்கை சரிதானே என்று விட்டுவிடுவோம். வம்பு அங்கேதான்! "சு" விழும் இடத்தில் மெட்டு குறுகியது. அங்கே "கா" வந்தால் பாடுபவர் சுருக்கித்தான் ஆக வேண்டும். "காலை" போய் "கலை" ஆகிவிடும். பற்பசைக்குப் பாட்டு எழுதி "பல்" என்பதை நீட்டினால் "பால்" வந்து நிற்பதும் இப்படித்தான் :-)

அதனால் முதலில் அர்த்தத்தை மறந்துவிட்டு மெட்டைத் தத்தகாரமாகச் சொல்லிப் பாருங்கள். "தனந்தான்னா, தன்னானா". முதல் எழுத்து குறில், அடுத்தது ஒற்றோடு சேர்ந்த குறில், பிறகு இரண்டு நெடில். பின்பாதியின் கடைசி "னா"வை இழுக்க வேண்டும். இப்போது "விடிந்தால் டீ" என்று போட்டால் நறுக்கென்று உட்காருகிறது. பின்பாதிக்கு "ஊர் வாசம்" என்றால் எண்ணிக்கை 3தான், ஆனால் இழுக்கும்போது "வாசாம்" என்று கேட்கும். "அம்மா கை" என்றால் அந்தத் தொல்லை இல்லை.

"ஞாபகம் எங்கே போச்சு?" என்று கேட்பீர்கள். சொல் போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊரை விட்டு வந்த நமக்கு விடிகாலை டீயோடு அம்மா கை என்றால் வீட்டு நினைப்பு தானாக வராதா? காப்பாற்ற வேண்டியது அந்த நினைப்பைத்தான், அகராதிச் சொல்லை அல்ல.

எதிர்த்திசையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. 1992இல் வந்த ரோஜாவுக்கு வைரமுத்து எழுதிய மெட்டுகளில் பி.கே. மிஸ்ரா இந்தி வரிகள் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த விழாவுக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். வரியை மெட்டோடு பாடி, தாளைப் பார்க்காத ஒருவரிடம் என்ன கேட்டது என்று விசாரியுங்கள். அவர் "கலை" என்றால் வரியை மாற்றுங்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள்.