கோட் வரவில்லையா? முதலில் முகவரியைப் பாருங்கள்

போன வாரம் எங்கள் பழைய மாணவர் ஒருவர் இரண்டு ஃபோன்களோடு பாடசாலைக்கு வந்தார். ஒன்று திரை வெடித்த பழையது. மற்றது வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய புதியது.

"சேர், கோட் வருதில்ல. ஏழு தரம் கேட்டுட்டேன். பழைய ஃபோனை ரீசெட் பண்ணித் தம்பிக்குக் குடுக்கப் போறேன். அதுக்கு முன்ன ஒருக்காப் பாருங்க" என்றார்.

அந்தக் கடைசி வசனம்தான் அவரைக் காப்பாற்றியது. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

வேலை தேடும் தளம் ஒன்றில் எட்டு மாதத்துக்கு முன் கணக்குத் திறந்திருக்கிறார். அடையாள அட்டைப் பிரதி, உயர்தரப் பெறுபேறு எல்லாம் அதில் ஏற்றியாயிற்று. திறக்கும்போது மின்னஞ்சலை உறுதிப்படுத்தச் சொல்லித் தளம் கேட்டிருக்கிறது. "பிறகு செய்யலாம்" என்ற பொத்தானும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நாம் எல்லோரும் அழுத்துவதைத்தான் அவரும் அழுத்தினார். எட்டு மாதமும் ஒரு குறையும் தெரியவில்லை. பழைய ஃபோன் உள்ளே நுழைந்தபடியே இருந்ததால் கோட் கேட்கும் தேவையே வரவில்லை. புதிய ஃபோனில் பாஸ்வேர்டைச் சரியாக அடித்தும், "இது புதிய கருவி, மின்னஞ்சலுக்கு வந்த கோடைத் தாருங்கள்" என்று தளம் நின்றுவிட்டது.

கோட் அனுப்பிய முகவரியைத் தளம் முழுதாகக் காட்டாது. முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் காட்டி, நடுவில் நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடும். இவருடையதில் அந்த இரண்டு எழுத்தும் சரியாகவே இருந்தன. ஆகவே முகவரி சரி, தளத்தில்தான் பிழை என்று முடிவு செய்து திரும்பத் திரும்பக் கோட் கேட்டிருக்கிறார். பிழையோ நட்சத்திரங்களுக்குள்ளே இருந்தது.

பழைய ஃபோனில் அந்தக் கணக்கின் அமைப்புகளுக்குள் போய் மின்னஞ்சல் என்ற இடத்தைத் திறந்தோம். முகவரி முழுதாகத் தெரிந்தது. அவருடைய ஜீமெயில் `mohamed` என்று தொடங்குகிறது. தளத்தில் இருந்தது `mohammed`. ஒரு எம் கூடிவிட்டது. மீதி எல்லாம் அப்படியே.

இது நம்மவர்களுக்கு என்றே வாய்த்த வில்லங்கம் என்று நினைக்கிறோம். அபூர்வமான பெயர் உள்ள ஒருவர் ஓர் எழுத்தைப் பிழையாக அடித்தால், அப்படி ஒரு முகவரி பெரும்பாலும் இருக்காது. கடிதம் போகாமல் திரும்பிவிடும். நம் பெயர்கள் அப்படியல்ல. மொஹமட் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்? பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம். பாத்திமாவுக்கும் அதே கதை. அந்த ஒவ்வொரு எழுத்துக்கூட்டலிலும் மலேசியாவிலோ கேரளாவிலோ எகிப்திலோ நிஜமாக ஒரு மனிதர் ஜீமெயில் வைத்திருக்க இடமுண்டு. நம்முடைய கோட் அவருடைய ஃபோனில் போய் விழும்.

கோட் மட்டும் போனால் பரவாயில்லை. தளங்களின் கணக்கில், மின்னஞ்சல் யாருடைய கையில் இருக்கிறதோ அவர்தான் கணக்கின் சொந்தக்காரர். அந்த முகம் தெரியாதவர் அதே தளத்துக்குப் போய் `Forgot password` அழுத்தினால், பாஸ்வேர்ட் மாற்றும் இணைப்பு அவருக்கே வரும். திருட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்க வேண்டியதில்லை. "இது என்ன, நான் திறக்காத கணக்கு?" என்று பார்க்கப் போனவருக்கே நம் தம்பியின் அடையாள அட்டை திறந்துவிடும்.

சரி, எப்படித் திருத்தினோம்?

முதலில் புதிய ஃபோனில் `Resend` அழுத்துவதை நிறுத்தச் சொன்னோம். பெரும்பாலான தளங்களில் புதிய கோட் ஒன்று புறப்பட்டால் முந்தியது செல்லாது. பல தரம் கேட்டால் கொஞ்ச நேரத்துக்குக் கதவையும் பூட்டிவிடுவார்கள். அதோடு ஒவ்வொரு அழுத்தலும் அந்த அந்நியருக்கு இன்னொரு கடிதம்.

பிறகு பழைய ஃபோனிலேயே மின்னஞ்சலை மாற்றினோம். சரியான முகவரியை அவர் திரும்பவும் கையால் அடிக்கத் தொடங்கியபோது தடுத்துவிட்டோம். ஜீமெயில் செயலியில் மேலே வலப்பக்கம் உள்ள படத்தைத் தொட்டால், முகவரி இருக்கும். அதை எழுத்து எழுத்தாக உரத்து வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் இருந்து நாங்கள் அடித்தோம். தளம் பாஸ்வேர்டைக் கேட்டது, கொடுத்தோம். புதிய முகவரிக்குக் கோட் ஒன்று போனது. இம்முறை அரை நிமிடத்தில் வந்துவிட்டது.

இங்கேயே முடித்துக்கொண்டு எழும்பிவிடக் கூடாது. முகவரி மாறியதும் பல தளங்கள் பழைய முகவரிக்கு ஓர் அறிவித்தல் அனுப்பும்: "உங்கள் மின்னஞ்சல் மாற்றப்பட்டது, செய்தது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்துங்கள்." அது போகும் இடம் அந்த அந்நியரின் பெட்டி. அவர் பயந்துபோய் அழுத்தினால் மாற்றம் திரும்பிவிடவும் கூடும். ஆகவே அதே இருப்பில் பாஸ்வேர்டையும் மாற்றி, `Log out of all devices` என்பதையும் அழுத்தி, எந்தெந்தக் கருவிகள் உள்ளே இருந்தன என்ற பட்டியலையும் பார்த்தோம். பழைய ஃபோன் ஒன்றுதான் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். அடுத்த நாள் காலையில் கணக்கைத் திறந்து முகவரி அப்படியே இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லி அனுப்பினோம்.

பழைய ஃபோனை முதல் நாளே ரீசெட் செய்திருந்தால் இந்த வழியே இல்லை. உள்ளே இருக்கும்போது இது ஐந்து நிமிட வேலை. வெளியே வந்த பிறகு கிழமைக்கணக்கு. ஃபோன் நம்பரும் கணக்கில் கொடுத்திருந்தால் எஸ்எம்எஸ் மூலம் நுழைய வழி கிடைக்கலாம். இல்லையென்றால் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதி, கணக்கு எப்போது திறந்தது, என்ன பெயரில், என்ன ஆவணங்கள் ஏற்றியது என்று நிரூபிக்க வேண்டும். அதிலும் சில தளங்கள் "பதிவான மின்னஞ்சலிலிருந்தே எழுதுங்கள்" என்று கேட்கும். நம்மிடம் இல்லாததே அதுதானே!

வெளியே மாட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் ஒரு வழி உண்டு. பிழையான அந்த முகவரி யாருக்குமே சொந்தமில்லையென்றால், ஜீமெயிலில் அதே பெயரில் நாமே புதுக் கணக்கு ஒன்று திறந்து கோடைப் பெறலாம். பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டது என்று கூகுள் சொன்னால் அந்த வழி மூடிவிட்டது. முந்தி யாரோ வைத்திருந்து அழித்த பெயரையும் கூகுள் இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. வேறொருவருடையதோடு மிகவும் ஒத்த பெயரையும் மறுக்கும். எனவே எண் ஒன்று தவறிய முகவரிகளில் இது சில வேளை கைகொடுக்கும், `mohammed` போன்றதில் நம்பிக்கை வைக்காதீர்கள்.

எல்லா வித்தியாசமும் பிழையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஜீமெயிலில் பெயருக்கு நடுவே வரும் புள்ளி கணக்கில் இல்லை. புள்ளி போட்டாலும் விட்டாலும் கடிதம் ஒரே பெட்டிக்குத்தான் வரும். அவுட்லுக்கில் அப்படியில்லை, புள்ளி விடுபட்டால் அது வேறு ஆள். ஜீமெயில் முகவரியில் அடிக்கோடு வரவே வராது, பார்த்தால் பிழை என்று உடனே முடிவு செய்யலாம். `gmail.con` என்று முடிந்திருந்தால் கடிதம் எங்கேயும் போகாது. கோட் யாருக்கும் கிடைக்காது என்ற ஆறுதலாவது உண்டு. `gmial.com` போன்ற எழுத்து மாறிய பெயர்களை வேறு ஆட்கள் தங்களுக்கென்று பதிவு செய்து வைத்திருக்க முடியும், ஆகவே அது அப்படி ஆறுதல் தராது.

"அந்த ஆளுக்கே ஒரு கடிதம் எழுதிக் கோடைக் கேட்டால் என்ன?" என்று தம்பி கேட்டார். எங்கள் கருத்து, வேண்டாம். "தவறுதலாக உங்களுக்கு என் கோட் வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்பதுதான் வட்ஸ்அப்பைக் களவெடுப்பவர்களும் சொல்லும் வார்த்தை. அவர்கள் கேட்கும் ஆறு இலக்கம் உண்மையில் நம் வட்ஸ்அப்பைத் திறக்கும் இலக்கம். நம் ஊரிலேயே எத்தனை உம்மாமார் அப்படிக் கொடுத்து ஏமாந்தார்கள்! நேர்மையாகக் கேட்டாலும் கேள்வி அதே மாதிரித்தான் இருக்கும். கேட்கப்பட்டவர் கொடுக்காமல் விட்டால் அவர் செய்ததுதான் சரி.

இதே கதை மறுபக்கமும் நடக்கும். நாம் திறக்காத கணக்கொன்றின் கோட் நம் பெட்டிக்கு வந்தால் அது இன்னொருவரின் அமானிதம். உள்ளே போய்ப் பார்க்கும் ஆவல் வரும்தான். போகக் கூடாது. யார் கேட்டாலும் கோடைக் கொடுக்கவும் கூடாது. அறிமுகமான தளத்திலிருந்து வந்த உண்மையான கடிதம் என்றால், "இந்தக் கணக்கு என்னுடையதல்ல" என்ற இணைப்பு சில வேளை அடியில் இருக்கும், அதை அழுத்தலாம். பிழையாக அடித்தவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். சந்தேகமான கடிதமென்றால் ஒன்றையும் தொடாமல் அழித்துவிடுங்கள்.

கொமியுனிகேஷனில் யாரோ அடித்துக் கொடுத்த கணக்குகளை வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவசரத்தில் நம் பெயரைக் காதால் கேட்டு அவர்கள் அடிக்கும் எழுத்துக்கூட்டல் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆகவே ஃபோன் மாற்றும் முன், பழைய ஃபோன் கையில் இருக்கும்போதே, ஒவ்வொரு கணக்கிலும் மின்னஞ்சலைத் திறந்து வாசியுங்கள். கூகுள் கணக்கில் `Security` என்று தொடங்கும் பகுதிக்குள் `Recovery email` என்று ஒன்று இருக்கும், அதையும் மறக்க வேண்டாம். ஜீமெயில் முகவரி சரியாக இருந்து மீட்பு முகவரி பிழையாக இருந்தவர்களை நாங்களே இரண்டு பேர் பார்த்துவிட்டோம்.

தம்பியின் ஃபோனில் இன்னொன்றும் கிடந்தது. ஒரு தரம் பிழையாக அடித்ததை விசைப்பலகை ஞாபகம் வைத்துக்கொண்டு, `m` அடித்த உடனேயே `mohammed` முகவரியை நீட்டிக்கொண்டிருந்தது. அப்படி இன்னும் இரண்டு தளங்களில் அதே பிழை ஏறியிருந்தது. அவற்றையும் திருத்தினோம். கூகுள் விசைப்பலகையில் அந்தப் பரிந்துரையை அழுத்திப் பிடித்து, மேலே தோன்றும் குப்பைத்தொட்டிக்கு இழுத்துவிட்டால் அது போய்விடும். அதையும் செய்த பிறகுதான் பழைய ஃபோன் ரீசெட் ஆனது.