லிஃப்டுக்குள் ஊசல் ஆடினால்...

மகளின் பிளஸ் ஒன் இயற்பியல் தாளில் ஒரு கேள்வி. கீழே இறங்கும் லிஃப்ட், வேகம் குறைந்து நிற்கப்போகிறது. உள்ளே ஆடும் தனி ஊசலின் அலைவு நேரம் கூடுமா, குறையுமா? ‘இறங்குகிறதே, கூடும்’ என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விட்டிருந்தாள்.

லிஃப்ட் போகும் திசை முக்கியமல்ல. முடுக்கத்தின் திசைதான் கணக்கு. இறங்கும்போது பிரேக் பிடித்தால் முடுக்கம் மேல்நோக்கி இருக்கும். அப்போது நம் பாதம் தரையில் அழுந்துகிறதே, அதேபோல் ஊசல் குண்டும் நூலைக் கூடுதலாக இழுக்கும். ஊசலுக்கு ஈர்ப்பே கூடிவிட்ட மாதிரிதான். எனவே g இருந்த இடத்தில் g + a போட வேண்டும்:

T = 2π√(l/(g + a))

1 மீட்டர் ஊசலை எடுத்துக்கொள்வோம். நின்றிருக்கும் லிஃப்டில் ஓர் அலைவுக்கு 2.01 வினாடி. சீரான வேகத்தில் ஏறினாலும் இறங்கினாலும் அதேதான். முடுக்கம் மேல்நோக்கி 1 மீ/வி² என்றால், ஈர்ப்பு 9.8 + 1 = 10.8, அலைவு நேரம் 1.91 வினாடியாகக் குறையும். மேலே ஏறி நிற்கப்போகும் லிஃப்டில் இது தலைகீழ்: ஈர்ப்பு 8.8, நேரம் 2.12 வினாடி.

“நம்ம அபார்ட்மென்ட் லிஃப்டில் சோதிக்கலாமாப்பா?” என்றாள். சிரமம்தான். கிளம்பும்போதும் நிற்கும்போதும் முடுக்கம் இருப்பது ஓரிரு வினாடிகளே. ஒரு முழு அலைவு முடிவதற்குள் கதவு திறந்துவிடும்!