பணிநீக்கம் சரியா? நான்கு தலைப்பில் பதில்

பகலில் வேலை, இரவில் வகுப்பு என்று மனிதவள நிர்வாகம் படிப்பவர்கள் ஜொகூரில் உண்டு. ஒழுங்கு நடவடிக்கை, பணிநீக்கம் பற்றிய விரிவுரையை அவர்கள் நன்றாகவே படித்திருப்பார்கள். ஆனால் தேர்வில் ஒரு சம்பவத்தைக் கொடுத்து, 'இந்தப் பணிநீக்கம் சரியா? நிர்வாகிக்கு ஆலோசனை கூறுக' என்று கேட்டால், விரிவுரையின் சுருக்கத்தையே எழுதிவிட்டு வருவார்கள். மதிப்பெண் அங்கேதான் போகிறது.

விரிவுரை விளக்கிக்கொண்டு போகும்: நடத்தைக்கேடு என்றால் என்ன, அதன் வகைகள், சட்டம், விசாரணை முறை. சம்பவக் கேள்வியோ ஒரு முடிவைக் கேட்கிறது. எனவே குறிப்பேட்டில் உள்ள ஒவ்வொரு தலைப்பையும் கேள்வியாக மாற்றுங்கள். 'நடத்தைக்கேட்டின் வகைகள்' என்பது 'இவர்மேல் சுமத்திய குற்றம் எது?' என்று ஆகும். 'உள்விசாரணை' என்பது 'தன் தரப்பைச் சொல்ல இவருக்கு வாய்ப்புக் கிடைத்ததா?' என்று ஆகும்.

இந்தக் கேள்விகளுக்கு முதுகெலும்பு நம் நாட்டு நீதிமன்றத்திலேயே இருக்கிறது. 1995இல் மிலான் ஆட்டோ வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், தொழிலியல் நீதிமன்றம் பார்க்க வேண்டியவை இரண்டு என்றது. சொல்லப்பட்ட குற்றம் நிரூபணமானதா? ஆனது என்றால், பணிநீக்கத்துக்கு அது நியாயமான காரணமா?

ஒரு கற்பனைச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் குமார் 6 ஆண்டுகளாக இயந்திர இயக்குநர். திங்கள் முதல் புதன் வரை அவர் வேலைக்கு வரவில்லை. திங்கள் காலையிலேயே, 'அம்மா மருத்துவமனையில்' என்று மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். வியாழனன்று வேலைக்குத் திரும்பியவரின் கையில், அனுமதியின்றி வராததற்காகப் பணிநீக்கக் கடிதம். பிறகு நிர்வாகி, 'அவர் அடிக்கடி தாமதமாகவும் வருவார்' என்கிறார்.

1. குற்றம் எது?
கடிதத்தில் இருப்பது அனுமதியின்றி வராதது மட்டும். முதலாளி எந்தக் காரணத்தைச் சொன்னாரோ அதைத்தான் நீதிமன்றம் ஆராயும், வேறு காரணத்தைத் தேடிப் போகாது என்று 1981இல் கூன் குவீ பொய் வழக்கு சொன்னது. தாமதப் பேச்சை இங்கேயே ஒதுக்கிவிடுங்கள்.

2. நிரூபணமானதா?
1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 15(2) பிரிவு, முன் அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவர் என்கிறது. குமார் மூன்று நாள் வரவில்லை. ஆனால் தக்க காரணம் இருந்து, அதை முதல் வாய்ப்பிலேயே தெரிவித்தவருக்கு, அல்லது தெரிவிக்க முயன்றவருக்கு, அதே பிரிவு விலக்கும் தருகிறது. திங்கள் காலைச் செய்தி இங்கேதான் முக்கியமாகிறது. நாள்களை மட்டும் எண்ணிவிட்டு 'மீறினார்' என்று முடிப்பவர், பிரிவின் பாதியைத்தான் படித்திருக்கிறார்.

3. முறை சரியா?
நடத்தைக்கேட்டுக்காக நீக்குமுன் உரிய விசாரணை வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. இங்கே அது நடக்கவில்லை. ஆனால் 'விசாரணை இல்லை, ஆகவே பணிநீக்கம் செல்லாது' என்று எழுதி நிறுத்தாதீர்கள். அந்தக் குறை மட்டுமே வழக்கைத் தீர்மானிக்காது. தொழிலியல் நீதிமன்றமே சாட்சியங்களைக் கேட்டுக் குற்றம் நடந்ததா என்று முடிவு செய்யலாம்.

4. தண்டனை பொருந்துமா?
குற்றம் நிரூபணமானது என்றே வைத்துக்கொண்டாலும், 6 ஆண்டு சேவையையும் தாயின் நிலையையும் எடைபோட வேண்டும். பதவி இறக்கம், இரண்டு வாரத்துக்கு மேற்போகாத சம்பளமற்ற இடைநீக்கம் போன்ற குறைந்த தண்டனைகளையும் 14ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

கடைசியில் ஆலோசனை. பணிநீக்கம் நிலைப்பது கடினம். மீண்டும் வேலை கேட்டு முறையிட, தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு குமாருக்கு 60 நாள் தருகிறது. அதற்குள் நிர்வாகி கடிதத்தை மீட்டுக்கொண்டு, அவர் விளக்கத்தைக் கேட்பதே நல்லது. கேள்வி நிர்வாகிக்கு ஆலோசனை கேட்டது என்பதால், குமாருக்கு ஆறுதல் சொல்லி முடித்துவிடக் கூடாது.

இந்த நான்கு தலைப்பும் நடத்தைக்கேட்டுக்கு உரியவை. ஆட்குறைப்புக் கேள்விக்கு இவற்றை அப்படியே போட்டால் பொருந்தாது. அங்கே முதல் கேள்வி, 'ஆள் உண்மையிலேயே மிகையா?' என்பது. அந்த விரிவுரையிலிருந்து அதற்குரிய கேள்விகளைத் தனியாக எடுக்க வேண்டும்.

எழுதிய பதில் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பத்தியிலும் குமார், மூன்று நாள், வாட்ஸ்அப் போன்ற விவரங்களை அடித்துவிட்டுப் படியுங்கள். பத்தி குறையில்லாமல் நின்றால், நீங்கள் எழுதியது இன்னும் விரிவுரைதான்.