கையில் ஒட்டிய சாயம்

போன மாதம் சென்னிமலைக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகன் அங்கே பெட்ஷீட் தொழில் செய்கிறார். மலையடிவாரத்தில் நாலு தறி, ஒரு சின்ன குடோன், அண்ணியின் தையல் மெஷின், அவ்வளவுதான் அவர் கம்பெனி. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் போனை நீட்டினார்.

"அம்மிணி, லிங்க்ட்இன்ல போடலாம்னு ஒண்ணு எழுதி வெச்சிருக்கறனுங்க. நீ பத்திரிகைல எழுதறவ. சரியா இருக்குதான்னு பார்த்துச் சொல்லு."

படித்தேன். 'தோல்வியே வெற்றியின் முதல் படி. சமீபத்தில் எங்கள் நிறுவனம் ஒரு சவாலைச் சந்தித்தது. சாயப்பட்டறையின் கவனக்குறைவால் ஏற்பட்ட சிறு பிரச்னையை நேர்மையுடன் எதிர்கொண்டோம். தரமே எங்கள் தாரக மந்திரம்!' கடைசியில் கைகூப்பும் பொம்மை மூன்று.

"அண்ணா, இதுல என்ன நடந்துச்சுன்னே இல்லையே?" என்றேன்.

நடந்தது இதுதான். ஒரு தங்கும் விடுதிக்கு 120 பெட்ஷீட். நடுவில் வெள்ளை, ஓரத்தில் மெரூன் பார்டர். விலை ஒன்று 380 ரூபாய். விடுதிக்காரர்கள் முதல் தடவை சுடுதண்ணீரில் துவைத்ததும் மெரூன் கசிந்து வெள்ளை முழுக்க ரோஸ் ஆகிவிட்டது. அத்தனையும் திரும்பி வந்தன. 45,600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை அப்படியே எழுதினா ஊர்ல சிரிப்பாங்கல்லோ?" என்றார். நியாயமான பயம்தான். தொழிலில் தோற்றதை வெளியில் சொல்கிறவர் எல்லோருக்குமே மதிப்பு கூடிவிடுவதில்லை.

அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1966-ல் இதை ஒரு சோதனை வைத்துப் பார்த்தார். வினாடி வினாவில் பதில் சொல்லும் ஒருவரின் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பதிவில் அந்த ஆள் நூற்றுக்கு 92 கேள்விக்குச் சரியாகச் சொல்வார். இன்னொன்றில் 30-க்குத்தான். இரண்டிலுமே சில பேருக்குப் போட்ட பதிவில் மட்டும், கடைசியில் அவர் காபியைத் தன் உடுப்பில் கொட்டிக்கொள்கிற சத்தம் இருக்கும். கெட்டிக்காரர் காபியைக் கொட்டியபோது கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. சுமாரானவர் கொட்டியபோது இருந்த மதிப்பும் குறைந்தது.

ஆக, தோல்விப் பதிவு இல்லாத நம்பிக்கையை உண்டாக்காது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர் என்று நினைக்கிறவர்களிடம்தான் அது எடுபடும். நேற்றுத் தொழில் தொடங்கியவர் முதல் பதிவே தோல்விக் கதையாகப் போட்டால் 'இவருக்கு வேலை தெரியாது போல' என்றுதான் தோன்றும். அண்ணன் இருபது வருடமாகப் பெட்ஷீட் விற்கிறார். அவர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியும். அதனால் அவர் எழுதலாம் என்றேன்.

அடுத்த கேள்வி, ஏன் சாயம் போனது? அதைத் தெளிவாகச் சொல்லத் தெரியாவிட்டால் பதிவில் பாடம் இருக்காது.

பார்டருக்கான நூலைச் சிட்டம் சிட்டமாகச் சாயம் போட்ட பிறகுதான் நெசவு. ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு ஒட்டிப் பிணைந்துகொள்ளும். ஆனால் போடுகிற சாயம் அத்தனையும் பிணையாது. ஒரு பங்கு தண்ணீரோடு சேர்ந்து வீணாகி, நூலின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். கிட்டத்தட்ட கொதிக்கிற தண்ணீரில் சோப்புப் போட்டு அதைக் கழுவி எடுக்க வேண்டும். பட்டறையில் இதற்கு 'சோப்பிங்' என்று பெயர். அதைச் சரியாகச் செய்யாத நூல் பார்க்க நன்றாகவே இருக்கும். துவைக்கும்போதுதான் சாயம் இறங்கிப் பக்கத்து வெள்ளையில் ஏறும்.

"அப்போ பட்டறைக்காரர் தப்புத்தானே? அதைத்தான எழுதியிருக்கறேன்" என்றார் அண்ணன்.

"சோப்பிங்கை ஏன் குறைச்சாங்க?"

கொஞ்சம் நேரம் பேச்சில்லை. "நான்தான் அவசரப்படுத்தினேன். ரெண்டு நாள் முன்னாலயே நூல் வேணும்னு நின்னேன்."

அடுப்படியிலிருந்து அண்ணி குரல் வந்தது. "கையில ஒட்டுனதையும் சொல்லுங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பேக்கிங் செய்த ராத்திரி, ஈரக் கையோடு ஒரு பெட்ஷீட்டை மடித்திருக்கிறார். உள்ளங்கையில் லேசாக மெரூன் ஒட்டியது. பார்த்தார். காலையில் லாரி வந்துவிடும். வேட்டியில் துடைத்துக்கொண்டு மூட்டையைக் கட்டிவிட்டார்.

எழுத வேண்டிய தோல்வி இதுதான். சாயம் போனது ஒரு விபத்து. கையில் ஒட்டியதைப் பார்த்தும் அனுப்பியது அவர் எடுத்த முடிவு. படிக்கிறவர் ஒரு தொழில்காரரை எடைபோடுவது இந்த இடத்தில்தான்.

நம் கோவை முருகானந்தத்தை நினைத்துப் பாருங்கள். குறைந்த விலை நாப்கின் மெஷினுக்காக 2016-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். தன் கதையை மேடையில் சொல்லும்போது அவர் 'நான் கஷ்டப்பட்டேன்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வதில்லை. முதலில் பஞ்சை வைத்து நாப்கின் செய்து மனைவியிடம் கொடுத்தது, அது சரியில்லை என்று அவர் சொன்னது, கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். தான் எதைத் தப்பாக நினைத்தோம், சரியானது எது என்று பொருளின் பெயரோடு சொல்கிறார். கேட்கிறவருக்கு அவர் அந்த வேலைக்குள் இறங்கிப் பார்த்தவர் என்பது அதிலேயே புரிந்துவிடுகிறது.

அண்ணனும் நானும் உட்கார்ந்து திரும்ப எழுதினோம். லிங்க்ட்இன்னில் ஒரு பதிவுக்கு 3,000 எழுத்துவரை இடம் உண்டு. ஆனால் போனில் முதல் சில வரிதான் தெரியும், மீதியைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். அதனால் என்ன நடந்தது என்பதை எண்ணிக்கையோடு முதல் வரியிலேயே வைத்தோம். அடுத்து அவர் செய்த தப்பு, 'நான்' என்று தொடங்கும் வாக்கியத்தில். பிறகு காரணம். கடைசியாக, இப்போது என்ன மாற்றியிருக்கிறார் என்பது. அதற்குமேல் ஒரு வரியும் இல்லை.

முடிவாக வந்தது இது:

'நான் அனுப்பிய 120 பெட்ஷீட் முதல் சலவையிலேயே சாயம் போய்த் திரும்பி வந்தன. பேக்கிங் செய்த இரவு என் ஈரக் கையில் மெரூன் ஒட்டியது. பார்த்தும் அனுப்பினேன், மறுநாள் டெலிவரி என்பதால். நூலை இரண்டு நாள் முன்னதாகக் கேட்டு நான் அவசரப்படுத்தியதில் சோப்பிங் குறைந்திருந்தது. பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு சாய லாட்டிலும் கொஞ்சம் நூலை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, 60 டிகிரி சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கிறேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால்தான் நூல் தறிக்குப் போகும். அந்தத் துண்டை பில்லோடு சேர்த்து அனுப்புகிறேன்.'

இதில் பட்டறைக்காரர் மேல் பழி இல்லை. 'தோல்வியே படி' என்ற வரியும் போய்விட்டது. அந்த வரியை ஒரு பல் டாக்டரோ, டியூஷன் மாஸ்டரோ தன் பதிவில் போட்டாலும் பொருந்தும். அப்படி யாருக்கும் பொருந்துகிற வரியைப் பார்த்தால் அடித்துவிடலாம். 60 டிகிரியும் அரை மணி நேரமும் சாயத்துணிக்காரரைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாது.

முதலில் எழுதியதில் விடுதி இருக்கும் ஊரும் மாதமும் இருந்தன. அண்ணிதான் கண்டுபிடித்தார். "அந்த ஊர்ல புதுசாத் தொறந்த விடுதி எத்தனை இருக்கப் போகுது? யாருன்னு தெரிஞ்சுருமுங்க." உடனே எடுத்துவிட்டோம். நம் தப்பைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு, வாடிக்கையாளரை அதில் இழுக்க இல்லை. பெயர் இல்லாவிட்டாலும், போடுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றேன். அண்ணன் அப்போதே போன் போட்டார்.

இன்னொன்றும் சொன்னேன். "இப்பவே போட வேண்டாம்ணா. அந்தத் துண்டு சோதனையை நீங்க எத்தனை லாட்டுக்குப் பண்ணியிருக்கீங்க?"

"ரெண்டு."

"பத்து ஆகட்டும்."

பதிவைப் படித்துவிட்டு ஒருவர் நேரில் வந்து 'அந்தத் துண்டைக் காட்டுங்க' என்று கேட்டால் காட்ட முடிய வேண்டும். மாற்றிவிட்டேன் என்று எழுதி, மாற்றாமல் விட்டது தெரிந்தால் முதல் தப்பை விட அது பெரிதாகிவிடும். பணத் தகராறு தீராமல் இருக்கும்போதோ, வழக்கு நடக்கும்போதோ எழுதவே கூடாது. அதே தப்பு மறுபடி நடந்தாலும் இந்தப் பதிவு நமக்கே எதிராகத் திரும்பும்.

போன வாரம்தான் போட்டார். பெரிதாக ஒன்றும் பரவவில்லை. நாற்பது பேர் லைக் போட்டிருந்தார்கள். சாயப்பட்டறைக்காரர் போன் செய்து, "என் பேரைப் போடாம விட்டதுக்கு நன்றிங்க. இனி சோப்பிங் முடியாம நீங்க கேட்டாலும் நூல் தரமாட்டேன்" என்றாராம். தெரியாத ஒருவர் பெட்ஷீட் விலை கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். விலைக்குக் கீழே ஒரு வரி: 'அந்தத் துண்டும் வருமா?'

"வருமுங்கன்னு போட்டுட்டேன் அம்மிணி" என்றார் அண்ணன். அன்றைக்குச் சோதித்த துண்டைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் மெரூன் நூல், மறுபக்கம் துளி ரோஸ் இல்லாத வெள்ளை.