தீபாவளிச் சரக்கு வந்தாச்சு... பாலிசி தொகையை ஏத்தியாச்சா?

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு ஜவுளிக் கடைகளில் தீபாவளிக் கொள்முதல் தொடங்கிவிடும். சூரத் சேலை, திருப்பூர் ரெடிமேட் என பண்டல் பண்டலாக வந்து இறங்கும். உதாரணத்துக்கு ஒரு கடை. வழக்கமாக 40 லட்ச ரூபாய்க்குச் சரக்கு வைத்திருக்கும் அந்தக் கடையில், அக்டோபரில் 80 லட்சத்துக்கு இருக்கிறது. ஆனால் ஏப்ரலில் எடுத்த தீ விபத்து பாலிசியில் காப்பீட்டுத் தொகை அதே 40 லட்சம்தான்.

"முழுக் கடையுமா எரியப்போகுது? 40 லட்சம் போதாதா?" என்று கடைக்காரர் நினைக்கலாம். சிக்கலே அந்த நினைப்பில்தான்.

பாதி எரிந்தால் பாதிதான் வரும்

மின்கசிவில் 30 லட்ச ரூபாய் துணி எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாலிசி 40 லட்சத்துக்கு இருப்பதால் 30 லட்சமும் வந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் சர்வேயர் முதலில் பார்ப்பது, விபத்து நடந்த அன்று கடையில் மொத்தம் எவ்வளவு சரக்கு இருந்தது என்பதைத்தான். கொள்முதல் பில், விற்பனைக் கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாவற்றையும் வைத்து அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

80 லட்சம் சரக்குக்கு 40 லட்சம் காப்பீடு என்றால், பாதி ரிஸ்க்கைக் கடைக்காரரே சுமக்கிறார் என்று அர்த்தம். அதனால் இழப்பிலும் பாதிதான் கிடைக்கும். அதாவது 15 லட்சம். அதிலும் கடைக்காரரே ஏற்க வேண்டிய ஒரு சிறு தொகை கழியும். இன்ஷூரன்ஸ்காரர்கள் இதை 'ஆவரேஜ்' என்பார்கள்.

சிறு கடைகளுக்காக 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் காப்பீடு 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் 80 லட்சம் சரக்குக்கு இந்தச் சலுகை கிடைக்க, குறைந்தது 68 லட்சத்துக்காவது பாலிசி இருக்க வேண்டும். பண்டிகை சீசனில் இரண்டு மடங்காகும் சரக்குக்கு இது எந்த மூலைக்கு?

செலவு எவ்வளவு?

பாலிசியின் நடுவிலேயே தொகையை உயர்த்தலாம். அதற்கு 'எண்டார்ஸ்மென்ட்' என்று பெயர். பொதுவாக மீதமிருக்கும் காலத்துக்கு மட்டும்தான் கூடுதல் பிரீமியம். ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கூடுதல் 40 லட்சத்துக்கு 6,000 ரூபாய். செப்டம்பர் 1 முதல் மார்ச் இறுதி வரை ஏழு மாதத்துக்கு 3,500. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 4,130 ரூபாய். இதைக் கட்டாததால் மேலே சொன்ன கடை இழப்பது 15 லட்சம்!

எப்படிக் கேட்பது?

லாரி வருவதற்கு முன்பே கேட்க வேண்டும். பாலிசி எண், கடை முகவரி, புதிய தொகை, எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்பதை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு இமெயிலில் எழுதுங்கள். தொகையைச் சரக்கு வாங்கிய விலையில் கணக்கிடுங்கள். எம்.ஆர்.பி.யில் போட்டால் பிரீமியம்தான் வீண். லாபத்துக்கு இழப்பீடு வராது.

ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் "ஓகே சார், பண்ணிடலாம்" என்று சொல்வது பாதுகாப்பு ஆகாது. இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64வி.பி. பிரிவுப்படி, பிரீமியம் போய்ச் சேராமல் நிறுவனம் ரிஸ்க்கை ஏற்க முடியாது. பணம் கட்டி, எண்டார்ஸ்மென்ட் கைக்கு வந்ததும் தேதி, தொகை, முகவரி மூன்றையும் சரிபாருங்கள். சீசனுக்கென்று வாடகைக்கு எடுத்த குடோனின் முகவரி பாலிசியில் இல்லையென்றால், அங்கே இருக்கும் சரக்குக்கு இழப்பீடு கேட்பது சிக்கல்தான். திருட்டுக்குத் தனி பாலிசி இருந்தால் அதிலும் தொகையை உயர்த்த வேண்டும்.

தள்ளிப்போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தேதான் வரும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு போய்த் தொகையை உயர்த்தக் கேட்டால், நிறுவனம் தயங்கத்தானே செய்யும்?

வங்கிக்கும் பொறுப்பு இல்லையா?

பல கடைகளில் சரக்கை ஈடாக வைத்துக் கடன் தந்த வங்கியே பாலிசியையும் எடுத்து, பிரீமியத்தைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்கிறது. அதில் பெரும்பாலும் கடன் தொகைக்குத்தான் காப்பீடு இருக்கும், சரக்கின் மதிப்புக்கு இருக்காது. கடைக்காரர் மாதாமாதம் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வங்கியின் கையில்தான் இருக்கிறது. சரக்கு இரட்டிப்பானதைப் பார்க்கிற வங்கி, "பாலிசியை உயர்த்துங்க" என்று ஒரு மெசேஜ் அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, பாலிசி நகலை வாங்கிப் படித்துப் பார்ப்பது கடைக்காரரின் வேலைதான்.

அடுத்த ஏப்ரலில் புதுப்பிக்கும்போதே 80 லட்சத்துக்கு எடுத்துவிட்டால், இதே கணக்கில் கூடுதலாக ஆவது ஜிஎஸ்டி போக 2,500 ரூபாய்தான். செப்டம்பரில் ஞாபகம் வைத்து ஓட வேண்டிய வேலையும் மிச்சம்.